மூன்றில் ஒரு பங்கு எங்கே போனது?

பாலிசியும் பில்லும் – 11

அலங்காநல்லூரில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். வாடிவாசலில் மாடு குத்தி, முதலுதவி முடிந்து, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பப்படுகிறவர் முதல் வகை. எத்தனை நாள் படுத்திருந்து வந்தாலும் அவர் கையில் பெரிய பில் எதுவும் இருக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு போகிறவர் இரண்டாம் வகை. அங்கே ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே வகுத்து வைத்த தொகை உண்டு. கணக்கு வழக்கெல்லாம் மருத்துவமனைக்கும் திட்டத்துக்கும் இடையிலேயே முடிந்துவிடும். மூன்றாவது வகை, சொந்தக் காசில் பிரீமியம் கட்டி பாலிசி வைத்திருப்பவர். வீடு திரும்பிய சில நாட்களில் இவருக்கு மட்டும் ஒரு கடிதம் வரும்.

செட்டில்மென்ட் லெட்டர் என்று பெயர். ஒன்றரைப் பக்கம் இருக்கும். மேலே பாலிசி எண், கிளைம் எண், நோயாளி பெயர். நடுவில் ஒரு கட்டம்: பில் தொகை, பிடித்த தொகை, அனுமதித்த தொகை, காரணம். அடியில் வங்கிக்குப் பணம் போன நாளும் பரிவர்த்தனை எண்ணும். பெரும்பாலானோர் அனுமதித்த தொகையைப் பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், கடிதத்தை பீரோவில் வைத்துவிடுவார்கள். கிளைம் நிராகரிக்கப்பட்டால் சண்டைக்குக் கிளம்புகிறவர்கூட, பாதிப் பணம் வந்துவிட்டால் ‘வந்தவரை லாபம்’ என்று சும்மா இருந்துவிடுகிறார்.

உண்மையில் பணம் அதிகம் கரைவது இந்தப் பிடித்தத்தில்தான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட 2023-24 ஆண்டறிக்கையில், மருத்துவக் காப்பீட்டில் நிறுவனங்கள் அடியோடு நிராகரித்த கிளைம்களின் மதிப்பு சுமார் 10,900 கோடி ரூபாய். பாலிசி விதிகளைக் காட்டி ஏற்க மறுத்த தொகையோ சுமார் 15,100 கோடி. நாடு முழுக்க, சத்தமில்லாமல், ஒவ்வொரு கடிதத்திலும் சில வரிகளாகப் பிடிக்கப்பட்டுச் சேர்ந்த பணம் இது.

அந்த வரிகளைப் படிக்க ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதே நல்ல வழி. ஆளும் பில்லும் நாம் வைத்துக்கொள்வது; விதிகள் நிஜம். விதிக்கு ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசியை எடுத்துக்கொள்ளலாம். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் கட்டாயம் விற்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ வகுத்த பொதுப் பாலிசி இது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. அதில் மூன்று விதிகள் நமக்குப் போதும். ரூம் வாடகை, சாப்பாடு, நர்சிங் மூன்றும் சேர்ந்து நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 10,000. ஒவ்வொரு கிளைமிலும் கோ-பேமென்ட் 5 சதவீதம்.

இனி ஆள். அலங்காநல்லூரில் மாவு மில் வைத்திருக்கும் 54 வயதுக்காரர் ஒருவர். இரண்டு லட்ச ரூபாய்க்கு ஆரோக்கிய சஞ்சீவனி எடுத்திருக்கிறார். மதுரை போகும் வழியில் பைக் சறுக்கிக் கால் எலும்பு முறிந்துவிட்டது. நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிளேட் வைத்து அறுவை சிகிச்சை. ஐந்து நாள் தங்கல். அட்மிஷன் போட்டது மனைவியின் தம்பி. கவுன்டரில் இரண்டு விதமான ரூம் சொன்னார்கள்: நாலாயிரம் ரூபாயில் ஒன்று, ஆறாயிரம் ரூபாயில் ஒன்று. “ரெண்டாயிரம்தான மாமா கூட, அக்காவும் கூடத் தங்கணும்ல” என்று ஆறாயிரம் ரூபாய் ரூமையே மச்சினன் எடுத்துவிட்டார். பாசத்தில் குறையில்லை. கணக்கில்தான் இடித்தது.

மொத்த பில் 1,80,000 ரூபாய். ரூமும் நர்சிங்கும் சேர்த்து 30,000. அறுவை நிபுணர், மயக்க மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர், பார்க்க வந்த டாக்டர்கள் எல்லாம் சேர்த்து 72,000. மருந்து மாத்திரைக்கு 28,000. காலில் வைத்த பிளேட்டும் ஸ்க்ரூவும் 30,000. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 12,000. இதர இனங்கள் 8,000.

கடிதத்தில் அனுமதித்த தொகை 1,31,100 என்று இருந்தது. 48,900 ரூபாய் பிடித்தம். “நாப்பத்தொம்பதாயிரத்த அமுக்கிட்டாய்ங்க மாமா” என்றார் மச்சினன். அவர் சொன்னது சரியா என்று பார்க்க, பிடித்தத்தை நான்கு கூறாக உடைக்க வேண்டும்.

முதலில் சிறியதை முடித்துவிடலாம்: 8,000 ரூபாய். கடிதத்தில் ‘நான்-பேயபிள்’ என்று இருக்கும். எந்தப் பொருளுக்குப் பணம் தர வேண்டியதில்லை என்பதை அந்தந்த நிறுவனம் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. ஐஆர்டிஏஐ நான்கு பட்டியல்கள் வைத்திருக்கிறது. முதல் பட்டியலில் 68 இனங்கள்: கையுறை, முகக்கவசம், க்ரேப் பேண்டேஜ், டயபர், வாக்கர், கூட இருப்பவர் சாப்பாடு, ஆவணங்களின் ஜெராக்ஸ் என்று போகும். பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய, இவை நோயாளியின் கைச்செலவு. பல நிறுவனங்கள் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு இவற்றுக்கும் பணம் தரும் இணைப்பை விற்கின்றன.

அடுத்த மூன்று பட்டியல்களின் தன்மை வேறு. அவற்றில் உள்ளவை ரூம் வாடகைக்குள், அல்லது அறுவைக் கட்டணத்துக்குள், அல்லது சிகிச்சைச் செலவுக்குள் அடங்கிவிட்டதாகக் கருதப்படுபவை. ஃபைல் திறக்கும் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், நோயாளியின் கையில் கட்டும் அடையாளப் பட்டை எல்லாம் ரூம் வாடகைக்குள் போகும். பஞ்சு, காஸ் துணி, அறுவைக் கத்தி எல்லாம் அறுவைக் கட்டணத்துக்குள் போகும். இவற்றை மருத்துவமனை தனித்தனியாக பில்லில் ஏற்றியிருந்தால் காப்பீட்டு நிறுவனம் வெட்டிவிடும், வெட்டியது சரியும்கூட. அப்போது கேள்வி கேட்க வேண்டிய இடம் காப்பீட்டு அலுவலகம் அல்ல, பில் போட்ட கவுன்டர். ‘ரூம் வாடகையில் அடங்கியதற்கு ஏன் தனியாக வாங்கினீர்கள்?’ என்று கேட்டால் பல இடங்களில் அப்போதே குறைத்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு அந்தப் பேச்சுக்கு வலு குறைவு.

நம்முடைய மில்காரர் பில்லில் அந்த 8,000 இப்படி இருந்தது: வாக்கர் 2,200, கையுறை முகக்கவசம் 1,500, க்ரேப் பேண்டேஜ் 600, கூட இருந்தவர் சாப்பாடு 1,400, ஜெராக்ஸ் 300, ஃபைல் கட்டணம் 800, ‘ஆர்த்தோ கிட்’ 1,200. கடைசி இனத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத எந்த கிட்டுக்கும் பணம் இல்லை என்று முதல் பட்டியலிலேயே இருக்கிறது. அதாவது பொருள் தவறு என்பதால் வெட்டவில்லை, விவரம் இல்லாததால் வெட்டியிருக்கிறார்கள். மருத்துவமனை மருந்தகத்தில் கேட்டு அந்த கிட்டுக்குள் இருந்தவற்றைப் பிரித்து எழுதிய பில் வாங்கிக் கொடுத்தால், அதில் தரத்தக்கவற்றுக்குப் பணம் கேட்கலாம். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்றால், இந்தக் கணக்கில் வேண்டாம். இருதய, மூட்டு அறுவைகளில் கிட் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் பெரிய தொகை நிற்கும். அங்கே கேட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது கூறு ரூம் வாடகை. இரண்டு லட்சத்தில் 2 சதவீதம் 4,000. நாளுக்கு ஆறாயிரம் வீதம் கட்டியிருக்கிறார். ஐந்து நாளைக்கு 10,000 ரூபாய் அதிகம். அதைக் கைக்காசிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது மச்சினனுக்கும் தெரிந்திருந்தது, கவுன்டரிலேயே சொல்லியிருந்தார்கள்.

கவுன்டரில் யாரும் சொல்லாதது மூன்றாவது கூறு. கடிதத்தில் ‘ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்’ என்று ஒரு வரி, பக்கத்தில் 24,000. விகிதாசாரப் பிடித்தம். இந்தக் கட்டுரையின் பாதி இடம் இந்த ஒரு வரிக்குத்தான்.

இதன் பின்னால் உள்ள வாதம் எளிமையானது. பல தனியார் மருத்துவமனைகளில் ரூம் உயர்ந்தால் மற்றக் கட்டணங்களும் உயரும். பொது வார்டு நோயாளிக்கு ஒரு டாக்டர் விசிட் கட்டணம், தனி ரூம் நோயாளிக்கு இன்னொன்று. அதே அறுவை, அதே தியேட்டர், அதே டாக்டர். ரூமைப் பொறுத்துத் தொகை மாறும். ஆகவே நீங்கள் தகுதிக்கு மீறிய ரூம் எடுத்தால் வாடகை மட்டுமல்ல, மற்றக் கட்டணங்களும் ஊதிப் போயிருக்கும், அந்த ஊதலை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பது நிறுவனங்களின் கேள்வி. தகுதி 4,000, எடுத்தது 6,000. மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே டாக்டர், தியேட்டர் கட்டணமான 72,000 ரூபாயிலும் மூன்றில் இரண்டு பங்குதான் தருவோம். மிச்சம் 24,000 உங்களுடையது.

வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் நிறுவனங்கள் இதை பில்லின் மேல் கண்மூடித்தனமாக விரித்தன. ரூம் வாடகை கூடியது என்று ரத்தப் பரிசோதனையிலும் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தால் என்ன நியாயம்? பிளேட்டின் விலை ரூமைப் பார்த்தா மாறுகிறது? இந்த முறையீடுகளுக்குப் பிறகு 2020 ஜூன் மாதம் ஐஆர்டிஏஐ ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் வந்த புதிய பாலிசிகளுக்கும், 2021 ஏப்ரல் முதல் புதுப்பித்த பழைய பாலிசிகளுக்கும் அது பொருந்தியது.

அதன்படி மருந்து மற்றும் பயன்படுத்தி எறியும் பொருட்கள், உடலுக்குள் வைக்கும் கருவிகள், பரிசோதனைகள் ஆகிய மூன்றின் மேலும் விகிதாசாரப் பிடித்தம் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்தின் மேலும் கூடாது. அதற்குரிய நாள் வரம்பு மட்டும் தனியாகப் பொருந்தும். இவற்றைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருக்கிறது. ரூம் வகையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால், விகிதாசாரப் பிடித்தமே கூடாது. சில கட்டணங்களை மட்டும் மாற்றாத மருத்துவமனை என்றால், அந்தக் கட்டணங்களின் மேல் கூடாது.

இப்போது மில்காரர் கடிதத்துக்குத் திரும்பலாம். மருந்து 28,000, பிளேட் 30,000, பரிசோதனை 12,000. மூன்றும் சேர்த்து 70,000. அது முழுசாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே முதல் சோதனையில் நிறுவனம் தேறிவிட்டது. தேறாமல், அந்த எழுபதாயிரத்தின் மேலும் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்திருந்தால் இன்னும் 23,333 ரூபாய் போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். விகிதாசாரப் பிடித்தம் என்று எழுதிய தொகையை எடுத்து, விகிதத்தால் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். இங்கே பிடித்தம் மூன்றில் ஒரு பங்கு. 24,000 ரூபாயை மூன்றால் பெருக்கினால் 72,000. பில்லில் டாக்டர், தியேட்டர் கட்டணங்களைக் கூட்டினால் அதே 72,000 வருகிறதா என்று பார்த்தால் போதும். பின்னோக்கிப் போட்ட கணக்கு அந்தக் கூட்டுத்தொகையைவிட அதிகமாக வந்தால், மருந்தோ பிளேட்டோ பரிசோதனையோ உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது.

விகிதம் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சில மருத்துவமனைகள் ரூம் வாடகை 5,000, நர்சிங் 1,000 என்று பிரித்து எழுதும். பிடித்தத்துக்கு ரூம் வாடகையான 5,000 ரூபாயை எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு போகும். இரண்டையும் கூட்டி 6,000 என்று எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு போகும். எந்த எண்ணை எடுத்தார்கள் என்பதைக் கடிதம் பெரும்பாலும் சொல்லாது. எந்த விதியின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேட்பது பாலிசிதாரரின் உரிமை.

இனி இரண்டாவது சோதனை. அந்த மருத்துவமனையில் டாக்டர், தியேட்டர் கட்டணம் உண்மையிலேயே ரூமைப் பொறுத்து மாறுகிறதா? பெரிய மருத்துவமனைகளில் மாறும். ரூம் வகைக்கு ஒரு பத்தியாக அச்சிட்ட கட்டணப் பட்டியலே இருக்கும். ஆனால் இருபது முப்பது படுக்கைகளோடு ஒரு டாக்டர் குடும்பம் நடத்தும் மருத்துவமனைகள் ஊர் ஊருக்கு இருக்கின்றன. அங்கே கால் எலும்பு முறிவுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையைத்தான் சொல்வார்கள். ரூம் வாடகை தனி. அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்திருந்தால், மருத்துவமனை முகவரித் தாளில் ஒரு கடிதம் வாங்க வேண்டும்: ‘எங்கள் மருத்துவமனையில் அறுவை, மயக்க மருந்து, தியேட்டர், டாக்டர் விசிட் கட்டணங்கள் அறை வகையைப் பொறுத்து மாறுவதில்லை.’ கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் போதும். கட்டணப் பட்டியல் இருந்தால் அதன் நகலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு கடிதத்தின் விலை என்ன? மில்காரருக்கு 24,000 ரூபாய்ப் பிடித்தம் திரும்பும். அதில் 5 சதவீத கோ-பேமென்ட் போக 22,800 கைக்கு வரும். நிறுவனம் தானாக இதை மருத்துவமனையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் என்று காத்திருப்பவர் காத்திருக்கலாம்.

கட்டணம் மாறும் மருத்துவமனை என்றால் பிடித்தம் செல்லும், வாதாடிப் பயனில்லை. அப்போது ரூம் தேர்வின் உண்மை விலை தெரியவரும். நாலாயிரம் ரூபாய் ரூமிலேயே இருந்திருந்தால் பில் 1,70,000. மற்றக் கட்டணங்களும் குறைந்திருக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்காமலே. நான்-பேயபிள் 8,000 போக அனுமதிக்கத்தக்கது 1,62,000. கோ-பேமென்ட் 8,100 போக 1,53,900 வந்திருக்கும், கைச்செலவு 16,100. இப்போது ஆனது 48,900. நாளுக்கு இரண்டாயிரம் கூடுதல் என்று நினைத்த ரூம், ஐந்து நாளில் 32,800 ரூபாய் தின்றிருக்கிறது.

நான்காவது கூறு கோ-பேமென்ட். பாலிசிதாரர் பங்கு. இதில் தவறு நடப்பது விகிதத்தில் அல்ல, எதன் மேல் போடுகிறார்கள் என்பதில். ஆரோக்கிய சஞ்சீவனி விதி தெளிவாகச் சொல்கிறது: பாலிசிப்படி ஏற்கத்தக்க தொகையின் மேல் 5 சதவீதம். மற்ற எல்லாப் பிடித்தமும் முடிந்த பிறகே அது வர வேண்டும். ரூமுக்கு 20,000, டாக்டர் தியேட்டருக்கு 48,000, முழுசாக ஏற்ற 70,000, கூட்டினால் 1,38,000. அதில் 5 சதவீதம் 6,900. கடிதத்தில் உள்ள 1,31,100 அப்படித்தான் வந்தது. மொத்த பில்லான 1,80,000 மேல் போட்டிருந்தால் 9,000 ஆகியிருக்கும். அதாவது ஏற்கெனவே தர மறுத்த பணத்துக்கும் சேர்த்து நோயாளியிடம் பங்கு கேட்டது போலாகும். 5 சதவீதத்தில் வித்தியாசம் 2,100 ரூபாய்தான். மூத்த குடிமக்கள் பாலிசிகளில் 20 சதவீதம், அதற்கும் மேல் கோ-பேமென்ட் உண்டு. அங்கே இதே தவறு பெரிய துண்டாக விழும். சில பாலிசிகளில் ஊர் மண்டலம் என்று ஒன்று உண்டு. மதுரைக்கான குறைந்த பிரீமியம் கட்டியவர் சென்னையில் போய்ப் படுத்தால், அதற்கென்று தனி கோ-பேமென்ட் சேரும். பாலிசி அட்டவணையில் அது எழுதியிருக்கும். கடிதத்தில் வெறுமனே கோ-பேமென்ட் என்று மட்டும் இருக்கும்.

கூட்டிப் பார்ப்போம். நான்-பேயபிள் 8,000, ரூம் 10,000, விகிதாசாரம் 24,000, கோ-பேமென்ட் 6,900. மொத்தம் 48,900. கணக்கு தட்டாமல் நிற்கிறது. மச்சினனின் குற்றச்சாட்டு கணக்கில் நிற்கவில்லை. ஆனால் அந்த 24,000 மேல் ஒரு கேள்வி இன்னும் திறந்திருக்கிறது.

கேஷ்லெஸ் முறையில் சேர்ந்தவர்களுக்கு ஐந்தாவதாக ஒரு வரி வரும்: ‘டிஸ்கவுன்ட்’ அல்லது ‘டாரிஃப் எக்ஸஸ்’. நெட்வொர்க் மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒத்துக்கொண்டிருக்கும். பில்லில் அதற்கு மேல் போட்டால் நிறுவனம் வெட்டும். இந்த வெட்டு நோயாளியின் தலையில் விழக் கூடாது. இறுதி அனுமதிக் கடிதத்திலேயே, ஏற்கத்தகாத இனங்களையும், தகுதிக்கு மீறிய ரூம் எடுத்ததால் வந்த கூடுதலையும் தவிர வேறெதையும் நோயாளி கட்டிய டெபாசிட்டிலிருந்து பிடிக்கக் கூடாது என்று மருத்துவமனைக்கான நிபந்தனை இருக்கும். டிஸ்சார்ஜ் நாளில் ‘இன்சூரன்ஸ்ல குறைச்சுட்டாங்க, மீதிய நீங்க கட்டுங்க’ என்று கவுன்டரில் சொன்னால், குறைத்தது எந்தத் தலைப்பில் என்று கேட்டு அந்தக் கடிதத்தின் நகலை வாங்கிப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். அட்மிஷன் அன்று வந்த முதல் அனுமதித் தொகையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மதிப்பீட்டின் மேல் தந்த முன்பணம் மாதிரி, இறுதிக் கடிதம் வரும்போது ஏறலாம், இறங்கலாம்.

பணத்தை வாங்கிக்கொண்டோமே, இனி எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்கள் உண்டு. முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன் என்று வவுச்சரில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், கூடுதல் தொகை கேட்டு வழக்காடும் உரிமை போய்விடாது என்று 2015இலேயே ஐஆர்டிஏஐ நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

கேட்பதற்கு வரிசை உண்டு. முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். கிளைமைக் கையாண்ட டிபிஏ நிறுவனத்துக்கு எழுதுவதோடு நின்றுவிடக் கூடாது. அவர்கள் இடைநிலை ஆட்கள், பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்தின் மேல்தான். bimabharosa.irdai.gov.in என்ற தளத்தில் பதிந்தாலும் புகார் நிறுவனத்துக்கே போகும், பதிந்த எண் கையில் இருக்கும். மடலில் ஆவேசம் வேண்டாம். மில்காரர் எழுதுவதாக இருந்தால் நாலு வரி போதும்: ‘கிளைமில் விகிதாசாரப் பிடித்தமாக 24,000 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். இந்த மருத்துவமனை அறை வகையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றுவதில்லை, கடிதம் இணைத்துள்ளேன். ஐஆர்டிஏஐயின் 2020 ஜூன் வழிகாட்டுதலின்படி இந்தப் பிடித்தம் செல்லாது. தொகையைத் திருப்பித் தருக, இல்லையேல் பிடித்தத்துக்கான பாலிசிப் பிரிவை எழுத்தில் தெரிவிக்க.’ எண்ணும் காரணமும் சான்றும் இருக்கும் மடலுக்கு, ‘எங்கள் பணத்தை ஏமாற்றிவிட்டீர்கள்’ என்ற மடலைவிடச் சீக்கிரம் பதில் வரும்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டால், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நிறுவனத்தின் பதில் வந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் கிடையாது, cioins.co.in தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். விசாரணையைக் காணொலியில் நடத்தவும் விதி இடம் தருகிறது என்பதால், கட்டுப் போட்ட காலோடு சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். அந்தத் தீர்ப்பை நிறுவனம் 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். மதுரையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் அங்கே வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மன் எடுக்கமாட்டார். தொகை சிறியது, கேள்வி ஒரு விதியைப் பற்றியது, சான்று கையில் இருக்கிறது என்றால் ஆம்புட்ஸ்மன் வழியே மேல்.

எந்தப் படி ஏறினாலும் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள் ஒன்றே: செட்டில்மென்ட் லெட்டர், இனவாரியான இறுதி பில், மருந்தக பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, பாலிசியின் முழு விதித்தொகுப்பு. பலரிடம் இல்லாதது கடைசியாகச் சொன்னதுதான். ஏஜென்ட் கொடுத்த இரண்டு பக்க அட்டவணையைப் பாலிசி என்று பத்திரப்படுத்தியிருப்பார்கள். ரூம் வாடகைப் பிரிவு அதில் ஒரு வரியாக இருக்கும், விகிதாசாரப் பிடித்தத்தின் முழு வாசகம் விதித்தொகுப்பில்தான் இருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் பாலிசியின் பெயரைப் போட்டால் அது கிடைக்கும். பிரீமியம் புதுப்பிக்கும் மாதத்தில் அதை இறக்கி, ரூம் வரம்பு ரூபாயில் இருக்கிறதா, ‘தனி ஏசி அறை’ என்று வகையில் இருக்கிறதா, வரம்பே இல்லையா என்று பார்த்து, அந்த ஒரு வரியைக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிடலாம். அட்மிஷன் கவுன்டரில் நிற்பது பெரும்பாலும் பாலிசிதாரர் அல்ல, மச்சினன்தான்.

(அடுத்த வாரம்: டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவு – பிசியோதெரபி பில்லை எப்படிக் கேட்பது?)